கன்னத்தில் பிடித்த காற்று

இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் இதயத்தைப் பார்த்து வருகிறேன். ஒன்றில்கூடக் காதலையோ துரோகத்தையோ கண்டதில்லை. நான்கு அறை, நான்கு வால்வு, நடுவே சுவர், ஓயாத ரத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எனக்கு ‘எக்கோ’ என்று பெயர். நான் எக்கோ மெஷின் ஓட்டுவதால் அந்தப் பெயர் என்று புது நோயாளிகள் நினைப்பார்கள். திட்டுவதை எல்லாம் இரண்டு தடவை திட்டுவேன் என்பதால் வைத்த பெயர் என்று வார்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் என் ரிப்போர்ட்டில் இன்றுவரை யாரும் ஒரு எழுத்தைத் திருத்தியதில்லை. அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

ட்ரம்பெட்காரரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அனுப்பினார்கள். அவர் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு, அதில் தன் அக்காவின் கைப்பையை உட்காரவைத்து அழைத்து வந்தார். வயது முப்பத்தெட்டு. பக்கவாதம் வந்து அன்று ஆறாவது நாள். பின்னாலேயே அக்கா வந்தாள். அவர்களுடைய பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவள். தோள் இரண்டும் கதவை அடைத்தன.

“மேடம், என் இதயம் ரொம்ப வெட்கப்படும். லைட்டைக் கொஞ்சம் குறைங்க” என்றார் அவர்.

“லைட்டைக் குறைக்கத்தான் போறேன். உங்க வாயையும் சேர்த்துக் குறைச்சுக்குங்க” என்றேன்.

அக்கா சந்தோஷமாகச் சிரித்தாள். தம்பியின் வாயை மூடச் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

நடந்தது இதுதான். பேண்ட் எட்டுப் பேரும் ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்கள். கடைசிப் பயணம் முப்பது மணி நேரம், ஒரே பஸ். பெரிய டிரம்முக்கும் ஜன்னலுக்கும் நடுவே இவர் காலை மடக்கி உட்கார்ந்தபடி வந்திருக்கிறார். இடது கெண்டைக்கால் வலித்தது, கொஞ்சம் வீங்கியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கிய சிறிது நேரத்தில் வலது கை சோர்ந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. அக்கா தம்பியை அப்படியே தூக்கித் தோளில் போட்டு டாக்ஸி பிடித்து வந்துவிட்டாள். கட்டியைக் கரைக்கும் மருந்தை நேரத்தோடு ஏற்றியதால் நான்கு மணி நேரத்தில் பேச்சு திரும்பியது. வலது உதட்டோரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்தது.

மூளை டாக்டருக்குத்தான் தூக்கம் போயிற்று. கழுத்து ரத்தக்குழாய் சுத்தம். பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. மானிட்டரில் இதயத் துடிப்பு ஒழுங்காக ஓடியது. ஸ்கேனில் மட்டும் இடது மூளையின் ஓரத்தில் ஒரு சின்னத் திட்டு. எங்கிருந்தோ கிளம்பிய ஒரு கட்டி வந்து அடைத்த மாதிரியான திட்டு. எங்கிருந்து? அதைக் கண்டுபிடிக்காவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கையில் கொடுத்து, இனி வராது என்று நம்புவோம் என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான். இரண்டு மாதத்தில் அவர்களுக்கு அடுத்த பயணம். அதே பஸ்.

“இதயத்துல ஓட்டை இருக்கான்னு பாருங்க. நல்லாப் பாருங்க” என்று மூளை டாக்டரம்மா சீட்டில் எழுதியது போதாமல் போனிலும் சொன்னார்.

நல்லாப் பாருங்க என்று என்னிடமே சொன்னதில் எனக்குச் சுர்ரென்றது.

ஓட்டை என்றால் உண்மையில் ஒரு கதவு. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு நுரையீரலால் வேலை இல்லை. அதனால் ரத்தம் இதயத்தின் வலது மேலறையிலிருந்து நேராக இடது மேலறைக்குப் போக நடுச்சுவரில் ஒரு கதவு இருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்டதும் அது சாத்திக்கொள்ளும், பிறகு ஒட்டிக்கொள்ளும். நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டாமலே போய்விடும். தாழ்ப்பாள் இல்லாத கதவாக ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கால் ரத்தக்குழாயில் உறைந்த ஒரு கட்டி கிளம்பி வலது மேலறைக்கு வந்து, அதே நேரம் பார்த்து ஏதோ ஒரு அழுத்தத்தில் அந்தக் கதவு திறந்தால், நுரையீரலில் சிக்கி நின்றிருக்க வேண்டிய கட்டி குறுக்கு வழியாக இடது பக்கம் தாவி மூளைக்கே போய்விடலாம்.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருப்பது நுரை. நர்ஸ் இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, உப்புநீரில் துளிக் காற்றைக் கலந்து, அங்கும் இங்கும் தள்ளித் தள்ளி நுரைக்க வைப்பாள். அதைக் கை நரம்பில் செலுத்தினால் திரையில் வலது மேலறை வெள்ளையாக நிரம்பும். இடது பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். நோயாளி மூச்சை அடக்கி முக்கி, வெள்ளை நிரம்பும் தருணத்தில் சட்டென விட வேண்டும். அப்போதுதான் கதவு இருந்தால் திறக்கும். மூன்று துடிப்புக்குள் இடது பக்கம் குமிழி வந்தால் ஓட்டை. ரொம்பத் தாமதமாக வந்தால் அது நுரையீரலைச் சுற்றி வந்த குமிழி, வேறு கணக்கு.

நோயாளி சரியாக முக்குகிறாரா என்று எப்படித் தெரியும்? அதற்கு என்னுடைய வழி ஒன்று உண்டு. ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சைக் கொடுத்து, முனையில் வாய் வைத்து ஊதச் சொல்வேன். உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு ஊதினால் நெஞ்சுக்குள் போதுமான அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். பல நோயாளிகள் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் தண்டு அரை அங்குலம் நகர்ந்தால் பெரிது.

ட்ரம்பெட்காரர் சோம்பேறி உதட்டோரத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு ஊதினார். தண்டு சர்ரென்று கடைசிவரை ஓடியது.

“அப்படியே பிடிச்சிருங்க” என்றேன்.

பிடித்தார். பத்து விநாடி, பதினைந்து விநாடி. என் வாழ்நாளில் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தார். நுரை பாய்ந்தது, வலது பக்கம் வெள்ளை, “விடுங்க” என்றேன், விட்டார். இடது பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. மூன்று தடவை செய்தேன். மூன்றிலும் இல்லை.

“சபாஷ்! இவர்கிட்டக் கத்துக்கணும் எல்லாரும்” என்று நானே பாராட்டினேன். இன்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

‘ஓட்டை இல்லை’ என்று எழுதினேன். இதய டாக்டர் பதிவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து அறை பிசியோதெரபி. நான் ஒரு பெரியவரின் வால்வில் ரத்தம் கசியும் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ட்ரம்பெட். பெரியவர் சிரிக்கத் தொடங்கினார், அவர் இதயம் திரையில் குதிக்கத் தொடங்கியது. நான் புயல் மாதிரி கிளம்பினேன்.

கதவைத் திறந்தால் ஒரு திருவிழாக் கூட்டம். இரண்டு நர்ஸ்கள், கைத்தடியோடு நான்கு நோயாளிகள், கையில் கடிகாரத்தோடு பிசியோதெரபிஸ்ட். நடுவில் ட்ரம்பெட்காரர் வீட்டுக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவே இல்லை. உதட்டுப் பயிற்சியாம். அக்கா மேஜையில் விரலால் தாளம் தட்டினாள்.

“ஒண்ணரை நிமிஷம்!” என்று கத்தினான் பிசியோதெரபிஸ்ட்.

“இங்கே என்ன நடக்குது? இங்கே என்ன நடக்குதுன்னு கேட்டேன்” என்றேன். இரண்டு தடவை.

ஒருவரும் திரும்பவில்லை. சுரம் போய்க்கொண்டே இருந்தது. என் கோபம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் ஆச்சரியம் வந்து உட்கார்ந்தது. இந்த மனுஷன் எப்போது மூச்சு விடுகிறான்? கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னம் இரண்டும் பந்தாக உப்பி, மெதுவாக வற்றி, மறுபடி உப்பின. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. மார்பு அமைதியாக, தூங்குகிறவனின் மார்பு மாதிரி ஏறி இறங்கியது.

இரண்டே கால் நிமிஷத்தில் நிறுத்தினார். கைதட்டல்.

“எப்படி?” என்றேன்.

“எல்லாம் கன்னம்தான் மேடம். கன்னத்துல காத்தைச் சேர்த்து வச்சு அதை வெளியே தள்ளிக்கிட்டே, மூக்கால மூச்சு இழுத்துக்குவேன். நெஞ்சுக்கு வேலையே கிடையாது. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். வாய்ல எதை வச்சாலும் கன்னம் தானா வேலையை ஆரம்பிச்சிரும்.” பெருமையாகச் சிரித்தார். “உங்க சிரிஞ்சையும் அப்படித்தானே ஊதினேன்! இன்னும் பத்து நிமிஷம் கேட்டிருந்தாலும் பிடிச்சிருப்பேன்.”



தண்டை நகர்த்தியது கன்னம். நெஞ்சுக்குள் ஒரு துளி அழுத்தமும் ஏறவில்லை. அவர் முக்கவே இல்லை. நான் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டு, சபாஷ் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். முகத்தை விடுங்கள், திரையில் குமிழியைத் தேடியவள் சுவரைப் பார்க்கவில்லை. உண்மையாக முக்கி விட்டால், விட்ட கணத்தில் மேலறைச் சுவர் இடப்பக்கமாக வளைய வேண்டும். அது வளைந்ததா? ஓடிப் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் சுவர் வளையவில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி நேராக நின்றிருந்தது.

திரும்பி வந்து அவர் முழங்கையைப் பிடித்தேன்.

“வாங்க.”

“மேடம், நான் வீட்டுக்குப் போறேன். பேப்பர்ல எல்லாம் கையெழுத்து ஆயிருச்சு.”

“நான் போட்ட பேப்பர் தப்பு. வாங்க.”

‘தப்பு’ என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இரண்டு நர்ஸ்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். கை நரம்பில் குழாயைப் போட்டு நுரையடிக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு குஷி.

“தம்பி, இந்தத் தடவை நெஞ்சிலேர்ந்து ஊதணும். கன்னம் கூடாது” என்றேன்.

“சரி மேடம்” என்றார். சிரிஞ்சு உதட்டில் பட்டதுதான் தாமதம், கன்னம் உப்பியது.

“கன்னம்!”

“மன்னிச்சுக்குங்க. அது என் பேச்சைக் கேக்கிறதில்ல.”

இரண்டாம் தடவை அக்கா முன்வந்தாள். “நான் பிடிக்கிறேன்” என்று தலைமாட்டில் நின்று, தம்பியின் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் அமுக்கினாள். மீன் வாய் மாதிரி உதடு குவிந்தது. அந்த வாயில் நான் சிரிஞ்சை வைத்தேன். அவர் அக்காவைத் தலைகீழாகப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். புஸ்ஸென்று காற்று போனது, சிரிப்பு கிளம்பியது, நுரை எல்லாம் வீணாகப் பாய்ந்தது. நர்ஸ் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். என் தோள் என்னைக் காட்டிக்கொடுத்தது.

“போதும்” என்றேன். “ஊதுறதே வேண்டாம். வாயை மூடிக்குங்க, மூக்கைப் பிடிச்சுக்குங்க, அடிவயித்தை இறுக்கிக் கீழ்நோக்கி முக்குங்க. மலச்சிக்கல் வந்தா கக்கூஸ்ல எப்படி முக்குவீங்க? அப்படி.”

அவர் முகம் குப்பென்று சிவந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“ஏன்டா முழிக்கிற?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா காது ஏன் சிவக்குது?”

காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பிறகு, “நான் மேடைக்குப் பின்னால இருந்தப்பதான் கை சோர்ந்துச்சுன்னு சொன்னேன்ல?” என்றார்.

“ஆமா. ட்ரம்பெட்டை எடுக்கக் குனிஞ்சப்போ.”

“அங்கே இல்ல.”

“பின்னே?”

“கக்கூஸ்ல.”



“முப்பது மணி நேரம் பஸ்ல போகவே இல்லக்கா. இறங்கினதும் முதல் வேலையா அங்கேதான் போனேன். உட்கார்ந்து முக்கினேன், முக்கினேன்… விட்டதும் கை மரத்துப் போச்சு. தண்ணி மக்கைத் தூக்க முடியல. அங்கேயே விழுந்தா நாளைக்கு எல்லாரும் என்ன பேசுவாங்க? ட்ரம்பெட்காரன் எங்கே விழுந்தான்னு கேட்டா என்ன சொல்றது? இடது கையாலயே பேண்ட்டை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டே மேடை வரைக்கும் வந்தேன். அங்கே வந்து ட்ரம்பெட் பக்கத்துல உட்கார்ந்தப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

அக்கா அவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

“மூளைக்கு ரத்தம் போகாம இருக்கு, பெல்ட்டு போட்டியாடா! கால் மணி நேரம் போச்சேடா!”

எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. கால் வீங்கியிருக்கிறது, கட்டி இருந்திருக்க வேண்டும். முக்கியிருக்கிறார், விட்டிருக்கிறார், விட்ட அடுத்த நிமிஷம் கை மரத்திருக்கிறது. ஒன்பது நாளாக மூளை டாக்டர் தேடியதை இந்த மகானுபாவர் மானத்துக்குப் பயந்து பெல்ட்டுக்குள் மறைத்து வைத்திருக்கிறார்.

“நர்ஸம்மா, நுரை” என்றேன். “தம்பி, இப்போ அந்தக் கக்கூஸை நினைச்சுக்குங்க.”

மூக்கைப் பிடித்தார், வாயை இறுக்கினார், முக்கினார். இந்தத் தடவை கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி கருத்தது. திரையில் இதயம் சின்னதாகச் சுருங்கியது. நுரை பாய்ந்து வலது மேலறை வெள்ளையானது.

“விடுங்க!”

சுவர் வளைந்தது. வளைந்தது மட்டுமா, கொடியில் காயும் துணி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. ஒரு துடிப்பு. இரண்டாவது துடிப்பில் இடது மேலறைக்குள் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. பத்து, இருபது, முப்பது, அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

“வந்துருச்சு!” என்று நான் கத்தினேன். “வந்துருச்சு, வந்துருச்சு!” நர்ஸ் கை தட்டினாள். அக்கா என்னவென்றே புரியாமல் கூடச் சேர்ந்து தட்டினாள்.

“பாஸா மேடம்?” என்றார் அவர் மூச்சு வாங்கியபடி.

“இதயத்துல ஓட்டை, தம்பி! நல்ல பெரிய ஓட்டை!”

இவ்வளவு சந்தோஷமாக இந்தச் செய்தியை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகுதான் அந்த விரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

“அப்போ இன்னொரு தடவை வருமா?” என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். “அந்த நாலு மணி நேரமும் மேடம், உதட்டைக் குவிச்சு ஊதிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். காத்து ஒரு பக்கமா ஒழுகிச்சு. பேச்சு வராதது கூட எனக்குப் பெருசாத் தெரியல. இப்பவும் தினம் காலையில கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாடி உதட்டைத்தான் ஊதிப் பார்க்கிறேன். இருக்கான்னு.”

இரண்டு வாரம் கழித்து மூளை டாக்டர், இதய டாக்டர், அவர், அக்கா, நான் ஐந்து பேரும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தோம். அதற்குள் கால் ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றும் இல்லை. அது வழக்கம்தான், கட்டி கிளம்பிப் போய்விட்டால் இடம் காலியாகத்தான் இருக்கும். ரத்தம் சட்டென்று உறையும் கோளாறு உண்டா என்று பார்த்தார்கள், இல்லை. மார்பில் பட்டை ஒட்டி இரண்டு வாரம் துடிப்பைப் பதிவு செய்தார்கள். துடிப்பு ஒருநாளும் தாளம் தப்பவில்லை. அந்த விஷயத்தில் அக்காவுக்குத் தனிப் பெருமை.

யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். “முதல் ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னோடது. சிரிஞ்சு நகர்ந்ததை நம்பினேன், சுவரைப் பார்க்கல. தப்பு என்னோடது.”

“கையெழுத்து என்னோடதும்தான்” என்றார் இதய டாக்டர். அவருடைய காதும் கொஞ்சம் சிவந்திருந்தது.

“ஓட்டை இருக்குன்னதும் அதுதான் குற்றவாளின்னு சொல்லிட முடியாது” என்றார் மூளை டாக்டர். “நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. எழுபது வயசுக்காரர், பிரஷர், சர்க்கரை, துடிப்பு வேற சரியில்லன்னா, ஓட்டையை மூடிப் பிரயோஜனமே இருக்காது. உங்களுக்கு வயசு அறுபதுக்குக் கீழே. திட்டு கட்டி அடைச்ச மாதிரித் திட்டு. வேற காரணம் எல்லாத்தையும் தேடிட்டோம், இல்ல. ஓட்டை பெருசு, சுவரும் வீசி ஆடுது. நடந்த கதையும்…” அவர் சிரிப்பை அடக்கினார். “பொருந்துது. அதனால மூடுறதைப் பத்திப் பேசலாம்.”

“பேசவே வேண்டாம், மூடுங்க!” என்றாள் அக்கா. “எனக்கும் பாருங்க. பேண்டுல எட்டுப் பேருக்கும் பாருங்க. இருந்தா எல்லாத்தையும் மூடிருங்க.”

“ரெண்டு பேருக்கு இருந்தாலும் இருக்கும். பக்கவாதம் வராதவங்களுக்கு நாங்க தேடவும் மாட்டோம், மூடவும் மாட்டோம். சும்மா இருக்கிறதைச் சும்மா விட்ரணும்.”

அக்காவுக்கு அது அநியாயமாகப் பட்டது.

“மூடலன்னா?” என்றார் தம்பி.

“மாத்திரை மட்டும்னா, உங்களை மாதிரி நூறு பேர்ல அஞ்சு வருஷத்துல நாலஞ்சு பேருக்கு மறுபடி வரலாம். மூடி, மாத்திரையும் சாப்பிட்டா ஒருத்தருக்கோ, அதுக்கும் குறைவோ. ஆனா மூடுறதிலயும் ஆபத்து உண்டு. நூத்துல நாலஞ்சு பேருக்கு முதல் சில வாரம் துடிப்பு தாளம் தப்பும், பெரும்பாலும் தானா சரியாயிடும். தொடையில குழாய் விடுற இடத்துல ரத்தம் கசியலாம். அவசரம் இல்ல. முடிவு உங்களோடது.”

இதய டாக்டர் மேஜைமேல் ஒரு மாதிரிக் கருவியை வைத்தார். பொத்தான் மாதிரி இரண்டு வட்டத் தட்டு, நடுவே சின்னக் கழுத்து. சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சில மாதத்தில் உடம்பே அதன்மேல் தோல் போர்த்திவிடும். “இதுல நிக்கல் இருக்கு. நிக்கல் உங்களுக்கு ஒத்துக்குமா?”

“என் முதல் ட்ரம்பெட்டோட வாய்முனையே நிக்கல் பூச்சுதான் டாக்டர். பத்து வருஷம் அதுக்கு முத்தம் கொடுத்துக்கிட்டு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தோம். அவர் பொத்தானைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டு தட்டையும் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

“நாலஞ்சுங்கிறது கம்மிதான்” என்றார். “ஆனா தினமும் காலையில அந்த நாலஞ்சு பேர்ல நான் இருக்கேனான்னு பார்த்துக்கிட்டே எழுந்திருக்க முடியாது டாக்டர். மூடுங்க.”

செய்கிற நாளில் அவர் விழித்தே இருந்தார். தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குப் போனது, அதன் நுனியில் பொத்தான் மடிந்து இருந்தது. நான் திரைக்கு முன்னால். இடது பக்கத் தட்டு விரிந்தது, சுவரோடு வந்து ஒட்டியது. வலது பக்கத் தட்டு விரிந்தது. அவ்வளவு நாளாக வீசியாடிய சுவர் சட்டென்று சமர்த்தாக நின்றது. டாக்டர் மெல்ல இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பொத்தானைப் பிடித்திருந்த கம்பியிலிருந்து அதைக் கழற்றிவிடுவதற்கு முன் ஒரு தடவை நுரை.

“தம்பி, எப்படி முக்கணும்னு ஞாபகம் இருக்கா?”

“மறக்கிற மாதிரியா மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?”

முக்கினார். இந்தத் தடவை நான் அவர் கன்னத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். விட்டார். வலது பக்கம் வெள்ளை. அறையில் இருந்த ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். பதிவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.

“மூணு” என்றேன்.

“மூணா?” என்றார் டாக்டர்.

“மூணு. பொத்தான் ஓரமா. மூணு குமிழி.”

அவர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “முப்பதுக்கு மேல இருந்தது மூணு. தோல் மூடினா அதுவும் போயிடும். கழற்றுறேன்.” கழற்றினார். துணிக்கு மேலே எட்டிப் பார்த்தால் தம்பி அழுதுகொண்டிருந்தார், இரண்டு உதட்டோரமும் ஒரே மாதிரி நடுங்க.

வெளியே அக்கா வராந்தாவில் நின்றிருந்தாள். உட்கார முடியவில்லையாம். நான் கையுறையைக் கூடக் கழற்றாமல் போனேன்.

“மூடியாச்சு. மூணு குமிழி மட்டும் போகுது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பேன். ஒரு மாசம் எடை தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி நடக்கணும். மாத்திரை விடக் கூடாது. கேக்குதா? மாத்திரை விடக்…”

முடிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்து, அப்படியே மேலே தூக்கிவிட்டாள். என்னை யாரும் தொட்டாலே எனக்குப் பிடிக்காது, அது ஆஸ்பத்திரிக்கே தெரியும். வராந்தாவில் டாக்டர்கள், நோயாளிகள், தள்ளுவண்டி, எல்லாம் நின்று பார்த்தன. என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவள் என் தோளில் முகத்தை வைத்துக் கேவிக்கொண்டே சுற்றினாள்.

“இறக்கி விடு! இறக்கி விடுன்னு சொல்றேன்ல!” என்று கத்தினேன்.

அவள் விடவில்லை. நானும் மூன்றாம் தடவை சொல்லவில்லை.